நாலு கடை தள்ளி ஒட்டிய தாள்

என் மச்சினன் தன் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினான். அடுத்த மாதத்திலிருந்து விலை ஏறுகிறது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் தாள். அதைப் பார்த்து எனக்கு வந்த வயிற்றெரிச்சல் அவன் வீடு கட்டியபோது வரவில்லை, கார் வாங்கியபோது வரவில்லை. ஒரு சாண் தாளைப் பார்த்து வந்தது. இதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சந்துக்குள் என் சிப்ஸ் கடை. நேந்திரங்காயைச் சீவி, தேங்காய் எண்ணெயில் பொரித்து, மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை அந்தக் கொதிக்கும் எண்ணெயிலேயே தெளித்து எடுப்போம். அந்தச் சத்தம்தான் எனக்கு விளம்பரம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து இருபத்தாறு வருடமாக இதே அடுப்பு, இதே எண்ணெய்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. பதினொரு வருடம் என் அடுப்புக்கு முன்னால் நின்று தொழில் படித்தவன். பிறகு நாலு கடை தள்ளி சொந்தமாகக் கடை போட்டான். நானே கூட நின்று இடம் பேசி முடித்தேன். கடை திறந்த அன்று அவனுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததும் நான்தான். உடைத்த தேங்காயைத் திரும்பப் பொறுக்கி ஒட்ட முடியாது என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது.

அந்த வருடம் தேங்காய் எண்ணெய் விலை பிடித்துக்கொண்டு ஏறியது. வாரத்துக்கு ஒரு விலை. எண்ணெய்க்காரன் போன் செய்தால் நாலு தடவை மணியடித்த பிறகுதான் எடுப்பேன். ஒரு கிலோ சிப்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான் இருக்கிறது. எண்ணெய் ஏறினால் சிப்ஸ் ஏறத்தான் வேண்டும். வேறு எண்ணெய்க்கு மாறச் சிலர் சொன்னார்கள். அதற்கு மனசு வரவில்லை. ஆனால் விலையை ஏற்றவும் பயம்.

சித்திரையில் கோடை மழை தொடங்கிய சமயம், ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி பேச்செடுத்தாள்.

"ஏங்க, விலையைக் கூட்டித்தான் ஆகணும்னா கூட்டுங்க. ஆனா ஏன் கூட்டுகோம்னு ஒரு தாள்ல எழுதி வச்சிருங்க. சொல்லாமக் கூட்டினாத்தான் மனுஷங்களுக்குக் கோவம் வரும்."

"விலை ஏத்துகேன்னு நானே போஸ்டர் ஒட்டணுமா? வாறவன் அதைப் படிச்சிட்டு நேரே அடுத்த கடைக்குப் போவான்."

"அடுத்த கடைக்காரன் மட்டும் எண்ணெயைச் சும்மாவா வாங்குகான்?"

"உனக்கு வியாபாரம் தெரியாது. பேசாம ரசத்தை ஊத்து."

அவள் ரசத்தை ஊற்றினாள். அவள் பி.காம் படித்தவள் என்பதும், பள்ளிக்கூடத்தில் மலையாளக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் என்பதும் எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் என்றால், கெட்டிக்காரத்தனம் செய்தேன். என் கடையில் எல்லாம் பாக்கெட்தான். இருநூற்றைம்பது கிராம், நூற்றுப் பதினைந்து ரூபாய். விலையைத் தொடாமல் எடையை இருநூற்று இருபத்தைந்தாக்கினேன். கவரில் சரியான எடையை அச்சடித்துத்தான் விற்றேன், சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்த எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி கவரின் அடியில் இருக்கும். யார் குனிந்து படிக்கப் போகிறார்கள்? பாக்கெட்டில் கொஞ்சம் காற்றைக் கூட்டிவிட்டால் பார்வைக்கு அதே பாக்கெட்.

மூன்று நான்கு வாரம் நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் மச்சினன் அந்தத் தாளை ஒட்டினான்.

முதலில் நான் பார்த்தது தாளை அல்ல, கூட்டத்தை. அவன் கடை முன்னால் ஐந்தாறு பேர் நின்று எதையோ அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் போவதுபோல நடந்து போய்ப் பார்த்தேன். மேலே மலையாளம், கீழே தமிழ். பெரிய எழுத்து. எனக்கு மலையாளம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், தமிழைப் படித்தேன்.

"அன்பான வாடிக்கையாளர்களுக்கு. வரும் மாதம் ஒன்றாம் தேதி முதல் கால் கிலோ சிப்ஸ் பாக்கெட்டின் விலை நூற்றுப் பதினைந்திலிருந்து நூற்று முப்பது ரூபாய் ஆகிறது. காரணம் தேங்காய் எண்ணெய். ஒரு கிலோ சிப்ஸுக்குள் ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிராம் எண்ணெய் போகிறது. எண்ணெய் கிலோவுக்கு இருநூறு ரூபாய் ஏறியதால் எங்களுக்கு எழுபது ரூபாய் கூடுகிறது. நேந்திரங்காய் இப்போது கொஞ்சம் மலிவு, அதில் எங்களுக்குப் பத்து ரூபாய் மிச்சம். அதைக் கழித்துவிட்டு கிலோவுக்கு அறுபது ரூபாய் மட்டும் கூட்டுகிறோம். எண்ணெயை மாற்ற மாட்டோம். பாக்கெட்டின் எடையைக் குறைக்க மாட்டோம். ஏற்கெனவே சொல்லி வைத்த ஆர்டர்களுக்குப் பழைய விலைதான். எண்ணெய் இறங்கினால் நாங்களும் இறங்குவோம், அதையும் இதே இடத்தில் எழுதி ஒட்டுவோம்."

அவ்வளவுதான். வருந்துகிறோம், தவிர்க்க முடியாத காரணங்களால் என்கிற அழுகை ஒன்றும் இல்லை. என்னைக் குத்தியது அந்த நேந்திரங்காய் வரிதான். வாழைக்காய் விலை குறைந்தது எனக்கும்தான் தெரியும். அதை வாயைத் திறந்து வாடிக்கையாளனிடம் சொல்ல எந்த வியாபாரிக்குத் தோன்றும்? தனக்கு மிச்சமாகிற பத்து ரூபாயைத் தானே காட்டிக்கொடுத்ததால், மற்ற அறுபதையும் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். எதிரில் நின்ற ஒரு மலையாளி அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "பறஞ்ஞல்லோ, அது மதி," என்றார். சொல்லிவிட்டானே, அது போதும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டும் போனார்.

என் வயிறு பற்றி எரிந்தது. அவனுக்கு இந்த மூளை எங்கிருந்து வந்தது? பதினொரு வருடத்தில் உப்புத் தண்ணீரை எப்போது தெளிப்பது என்பதையே அவனுக்கு நூறு தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "அத்தான், அத்தான்" என்று என் பின்னால் சுற்றிய பயல். சின்னச் சீட்டு எழுதக்கூட என்னிடம்தான் வந்து நிற்பான்.

அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி அவன் கடைக்குள் எத்தனை தலை நுழைகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். என் கடையைத் தாண்டி அங்கே போன பழைய முகம் ஒவ்வொன்றையும் மனதுக்குள் திட்டினேன். ஊரின் பழைய கோட்டைக்குள்ளிருந்து துணிக்கடைக்கு வந்த ஒருவரிடம் காசு கொடுத்து அவன் கடைப் பாக்கெட் ஒன்றை வாங்கிவரச் சொன்னேன். என் தராசில் நிறுத்தேன். இருநூற்று ஐம்பத்திரண்டு கிராம். அந்த இரண்டு கிராமுக்காகவும் அவனைத் திட்டினேன். தின்று பார்த்தேன். என் கைப்பக்குவம்தான், அப்படியே இருந்தது. அதற்கும் திட்டினேன்.

வீட்டிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "உன் தம்பி பெரிய ஆளாயிட்டான். தாள் ஒட்டி ஊரை மயக்குகான்," என்றேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். தம்பியைச் சொன்னதால் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் வயிற்றெரிச்சலோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆடி பிறந்ததும் ஓண ஆர்டர் வந்து மாட்டியது.

ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. ஓணத்துக்கு வேலை பார்ப்பவர் எல்லோருக்கும் ஒரு பெட்டி கொடுப்பார்கள், சிப்ஸும் வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரவரட்டியும் வைத்து. முந்நூறு பெட்டிக்கு மேல். ஏழு வருடமாக என் கடைச் சரக்கு. அந்த ஒரு ஆர்டரில்தான் எனக்கு வருடத்தின் மூச்சு ஓடும். அடுப்புக்காரர்களுக்கு ஓண போனஸும் அதிலிருந்துதான். ஆர்டர் கொடுக்கும் அதிகாரி ஒரு மலையாளிப் பெண். குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். அந்த வருடம் போனில் சிரிப்பு இல்லை.

"சேட்டா, இந்த வருஷம் விலை எப்படி?" என்று தன் தமிழில் கேட்டாள். சேட்டன் என்றால் அண்ணன். "எல்லாவரும் எண்ணெய்க்கு விலை கூடி என்று சொல்லுந்நு. நான் மேலே ஒரு காரணம் காட்டணுமே."

நாலு கடை தள்ளியிருக்கும் கடையிலிருந்து ஒரு மாதம் முன்பே கடிதம் வந்துவிட்டதாம். கண்ணாடியில் ஒட்டிய அதே வாசகம், மொத்த ஆர்டருக்கு என்ன விலை என்ற வரி சேர்த்து. பட்ஜெட் போடுவதற்கு முன்னாலேயே வந்ததால் அவளுக்குச் சௌகரியம். மேலதிகாரி ஏன் கூடுதல் என்று கேட்டால் கடிதத்தை அப்படியே காட்டிவிடலாம். "சேட்டன் எந்தா ஒந்நும் அயக்காஞ்ஞது?" என்றாள். நீங்கள் ஏன் ஒன்றும் அனுப்பவில்லை என்று கேட்கிறாள். ஏழு வருடப் பழக்கத்துக்காகக் கேட்கிறாள் என்று எனக்கே புரிந்தது.

"நாளைக்கே அனுப்புகேன் மேடம்," என்றேன்.

எனக்கும் அதற்குள் விலை ஏற்றியே ஆகவேண்டிய நிலை. எடையைக் குறைத்தும் கட்டுப்படியாகவில்லை, எண்ணெய் இன்னும் ஏறியிருந்தது. அன்றைக்கே என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார்ந்து யோசித்து நாலு வரி எழுதியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. மச்சினன் கடை அடைத்த பிறகு போய் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்தேன். அதில் இருப்பது வெறும் வார்த்தைகள் என்று எனக்குத் தோன்றவில்லை, அது ஏதோ மருந்துச் சீட்டு, யார் கொண்டுபோனாலும் கடையில் அதே மருந்தைக் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அச்சடிக்கும் கடையில் படத்தைக் காட்டினேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண், "எல்லாம் இதுபோலத் தன்னெ மதியோ?" என்று கேட்டாள். இப்படியே போதுமா என்று.

"எல்லாம் அப்படியே. மேல கடைப் பேர் மாத்திரம் மாத்து. எழுத்து மட்டும் அவனுதை விடப் பெருசா இருக்கட்டும்," என்றேன்.

பெரிதாகவே அடித்துக் கொடுத்தாள். பாக்கெட் அடுக்கியிருக்கும் அலமாரிக்கு மேலே, யார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டினேன். ஒரு படம் எடுத்து கம்பெனிப் பெண்ணுக்கும் அனுப்பினேன். அன்று காலையில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அதிகமாகவே உடைத்தேன் என்று நினைவு.

பத்து மணிக்குக் கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் வந்தார். அரசாங்கத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் ஒரு பாக்கெட் வாங்குவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை வரி வரியாகச் சத்தம் போட்டுப் படித்தார். கடையில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். நேந்திரங்காய் வரியில் தலையாட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. "பாக்கெட்டின் எடையைக் குறைக்க மாட்டோம்," என்று படித்தவர் நிறுத்தினார். குனிந்து அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். கவரின் அடியைத் திருப்பிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என்ன ஓய் இது? மேல ஒண்ணு ஒட்டியிருக்கீர், கீழ ஒண்ணு அடுக்கியிருக்கீரே?"

நான் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணினேன்.

"நான் மூணு மாசமா பாக்கறேன். இது இருநூத்தி இருபத்தஞ்சு ஆயிடுத்துன்னு தெரியும். பாவம், எண்ணெய் வெலை ஏறிடுத்து, மனுஷன் என்ன பண்ணுவார்னு சும்மா இருந்தேன். அதுக்குன்னு கொறைக்க மாட்டோம்னு தலைக்கு மேல எழுதி ஒட்டுவீரா?"

நாலு பேரும் ஆளுக்கொரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் தான் எடுத்ததை வைத்துவிட்டுப் போனார். பெரியவர் போகவில்லை. விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார்.

"இன்னொண்ணு தெரியுமா? இருபத்தஞ்சு கிராமைக் கொறைச்சு அதே வெலைக்கு வித்தீரே, கிலோவுக்குப் பார்த்தா உம்ம மச்சினன் வாங்கறதைவிட ஒம்பது ரூபா கம்மி. இன்னிக்கு வரைக்கும் நீர்தான் மலிவு. அதைச் சொல்லியிருந்தா ஊரே உம்மைக் கொண்டாடியிருக்கும். சொல்லாததாலே திருட்டுக் கணக்காப் போச்சு. இப்போ எடையும் கம்மி, ஒண்ணாந் தேதியிலேருந்து வெலையும் நூத்தி முப்பது. இந்த அறுபது ரூபா கணக்கெல்லாம் உம்மோடதே இல்லியே? உம்ம காரணத்தை நீர் எழுதும் ஓய்."

அவர் பாக்கெட் வாங்காமல் போனார். நான் நாற்காலியில் ஏறித் தாளைக் கிழித்தேன். கிழித்துக்கொண்டிருக்கும்போதே போன் மணியடித்தது. கம்பெனிப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் மேசையில் என் கடைப் பாக்கெட். எறும்பு எழுத்தைச் சுற்றி சிவப்பு வட்டம். கீழே மூன்று வார்த்தை: "சேட்டா, இது எந்தா?" இது என்ன என்று.

போனைக் கல்லாமேல் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் அவளிடமிருந்து இன்னொரு செய்தி. இந்த வருடப் பெட்டிகளை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டதாக, மரியாதையாக. எந்தக் கடை என்று எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை.

நாலு கடை தள்ளிப் போய் அவன் கண்ணாடியில் ஒரு கல்லை விட்டெறிய வேண்டும் போலிருந்தது. நியாயமே இல்லாத கோபம். அவன் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

அடுத்த நாள் உட்கார்ந்து என் காரணத்தை எழுதப் பார்த்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். எண்ணெய் எனக்கு எவ்வளவு ஏறியது? மழைக்கு முன்னால் என்ன விலைக்கு வாங்கினேன்? கடையில் என் தலைக்கு மேலே ஒரு வளைந்த கம்பி தொங்கும். பில்லானாலும் துண்டுச் சீட்டானாலும் அதில்தான் குத்துவேன். அதை இறக்கி மடியில் வைத்து ஒவ்வொன்றாக உருவினேன். எண்ணெய் பில், உப்பு பில், காஸ் பில். நடுவில் என் கையெழுத்தில் ஒரு பட்டியல் வந்தது. சந்தைக்காரனுக்கும் கவர்க்காரனுக்கும் போனில் சொல்வதற்காக எழுதியது. நேந்திரங்காய் இத்தனை தார். மஞ்சள்பொடி இரண்டு கிலோ. கடைசி வரி: 225 கிராம் கவர், இரண்டாயிரம்.

தாள் தடிமனாக, நல்ல தாளாக இருந்தது. நான் இப்படிப்பட்ட தாளில் சீட்டு எழுதுவதில்லையே என்று திருப்பினேன்.

மறுபக்கம் என் மனைவியின் கையெழுத்து. மேலே என் கடையின் பெயர். "அன்பான வாடிக்கையாளர்களுக்கு" என்று தொடங்கி, தேங்காய் எண்ணெய், முந்நூற்றைம்பது கிராம், நேந்திரங்காய் மலிவு, கழித்துவிட்டுக் கூட்டுகிறோம் என்று எல்லாம் இருந்தது. தொகைகள் மட்டும் கொஞ்சம் வேறு, அப்போது எண்ணெய் அவ்வளவு ஏறியிருக்கவில்லை. மச்சினன் தாளில் "பாக்கெட்டின் எடையைக் குறைக்க மாட்டோம்" என்று இருந்த இடத்தில் இதில் இப்படி இருந்தது: "எடையில் கை வைக்க இந்தக் கடைக்காரருக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் பார்த்தவள் சொல்கிறேன்." அந்த இரண்டாவது வாக்கியத்தை அவளே ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது.

அந்த வரிக்கு நேர் பின்னால்தான் நான் 225 கிராம் கவர் என்று எழுதியிருந்தேன். பேனாவை அழுத்தி எழுதும் பழக்கம் எனக்கு. அந்த எண்கள் இந்தப் பக்கமும் புடைத்துத் தெரிந்தன.

மத்தியானமே கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். தாளை மேசையில் வைத்தேன். அவள் பார்த்தாள், எடுக்கவில்லை.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ரசம் ஊத்தினதுக்கு அடுத்த நாள் எழுதி உங்க தட்டுப் பக்கத்துல வச்சேன். எடுத்து சட்டைப் பாக்கெட்டுல போட்டிய. படிப்பிய, கடையில ஒட்டுவியன்னு நினைச்சேன்."

"நான் படிக்கவே இல்லை. பின்பக்கம் வெள்ளையா இருந்துது, பட்டியல் எழுதிட்டேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரத்துல சின்னக் கவர் வந்து இறங்கிச்சு. இதுதான் உங்க பதில்னு நினைச்சேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். "பொறவு அவன் வந்து, அக்கா, விலை கூட்டணும், எப்படிச் சொல்லணும்னு தெரியலன்னு நின்னான். உங்களுக்கு வேண்டாம்னு போனதுதானேன்னு எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் மாத்திட்டேன். அவனைப் பத்தி எனக்கு அவ்வளவு உறுதியாத் தெரியாது."

எனக்கு அப்போது யார் மேல் பொறாமை என்று கேட்டால், மச்சினன் மேல்தான். முன்னைவிட அதிகமாக. ஆனால் அவன் தாளுக்காக இல்லை, ஆர்டருக்காகவும் இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று அவளிடம் போய் நிற்க அவனுக்குத் தெரிந்திருந்தது. அதே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் எடுத்து என் அறிவிப்பை நானே எழுதினேன். மலையாளத்தில் மாற்ற மட்டும் அச்சடிக்கும் கடைப் பெண்ணிடம் கொடுத்தேன். "மூன்று மாதமாகக் கால் கிலோ பாக்கெட்டை உங்களிடம் சொல்லாமல் இருநூற்று இருபத்தைந்து கிராமாகக் குறைத்து விற்றோம். எண்ணெய் விலைக்குப் பயந்து செய்தது. சொல்லாமல் செய்தது தவறு. ஒன்றாம் தேதி முதல் மறுபடி இருநூற்றைம்பது கிராம், விலை நூற்று முப்பத்தைந்து. எண்ணெய் எங்களுக்கு எவ்வளவு ஏறியது என்ற பில் இங்கேயே தொங்குகிறது, யாரும் பார்க்கலாம். அதுவரை மிச்சமிருக்கும் சின்னப் பாக்கெட்டுக்குப் பழைய நூற்றுப் பதினைந்துதான். எண்ணெய் இறங்கினால் இறக்குவோம்." எறும்பு எழுத்து இல்லை. எல்லா எழுத்தும் ஒரே அளவு.

ஒட்டிய அன்று சந்தில் நடந்த பேச்சு என் காதிலும் விழுந்தது. மச்சினனைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டேனாம். பூக்கடைக்காரர் என் முகத்துக்கு நேரேயே சொல்லிச் சிரித்தார். அவன் தாளின் மூலப்பிரதி முதலில் என் சட்டைப் பாக்கெட்டில்தான் கிடந்தது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அதன் பின்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அடுப்புப் பக்கம் போனேன்.

கணக்கு அதிகாரி வந்தார், முழுக்கப் படித்தார், கம்பியில் தொங்கிய பில்லையும் படித்தார், ஒரு பாக்கெட் வாங்கினார். தராசில் வைக்கச் சொன்னார். வைத்தேன். கம்பெனிப் பெண்ணுக்கும் படம் அனுப்பினேன். இந்த வருடம் முடிந்துவிட்டது, அடுத்த ஓணத்துக்கு இருவரிடமும் விலை கேட்பேன் என்று பதில் வந்தது. அந்த ஓணத்துக்கு முந்நூறு பெட்டியும் மச்சினன் கடையிலிருந்துதான் வண்டி ஏறின. என் கடை வாசலைத் தாண்டித்தான் அந்த வண்டி போயாக வேண்டும். போயிற்று. வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் மனைவி கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வருவது அபூர்வம். கோயிலுக்கு வந்தவள் போல, நெற்றியில் சந்தனம். அலமாரிக்கு முன்னால் நின்று என் அறிவிப்பை மேலிருந்து கீழ்வரை படித்தாள். தமிழை முடித்துவிட்டு மலையாளத்தையும் படித்தாள். தேர்வு எழுதிய பிள்ளை மாதிரி நான் எழுந்து நின்றேன்.

"நல்லா எழுதியிருக்கிய," என்றாள். பிறகு, "அந்த வரியைக் காணலியே? எடையில கை வைக்கத் தெரியாதுன்னு," என்றாள்.

"அதை நான் எழுத முடியாதுல்லா. நீதான் எழுதணும்."

அவள் அலமாரியிலிருந்து ஒரு புதுப் பாக்கெட்டை எடுத்தாள். கவரின் அடியில் அச்சாகியிருந்ததைப் பார்த்தாள். அது போதாது என்று நடந்து போய்த் தராசில் வைத்து, முள் நிற்கும்வரை குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பார்த்துட்டு எழுதுகேன்," என்றாள்.